தொட்டி, கம்பி, கார்

மின்னஞ்சல் சின்னது. அனுப்பியவர் லாஸ் ஏஞ்சலிஸில் வீடு விற்றுத் தரும் தரகர். வந்து சேர்ந்தது கோவையில், படம் திருத்தும் எங்கள் கூடத்துக்கு.

முன்புறப் படத்தில் குப்பைத் தொட்டிகளை எடுத்துவிடுங்கள். கம்பிகளை எடுத்துவிடுங்கள். நிற்கும் கார்களை எடுத்துவிடுங்கள். வானம் நீலமாக இருக்கட்டும். நாளைக் காலை எட்டு மணிக்குள் வேண்டும். நன்றி.

அவருடைய காலை எட்டு, கோடையில் நமக்கு இரவு எட்டரை. அவர்கள் படுக்கப் போகும் நேரத்தில் படம் வருகிறது. எழுந்திருக்கும்போது வீடு துடைத்துவைத்ததுபோல் இருக்க வேண்டும்.

வீட்டைப் பற்றி ஒரு வரியும் இல்லை. எத்தனை அறை, எந்தக் காலத்து வீடு, எதுவும் இல்லை. எதெல்லாம் இருக்கக் கூடாது என்பது மட்டும்.

படத்தைத் திறந்து பார்த்தால் பழைய ஸ்பானிஷ் பாணி வீடு. ஒரே தளம். சுண்ணாம்பு வெள்ளைப் பூச்சு, சிவப்பு ஓடு. வலப்பக்கம் கார் ஷெட். முன்னால் ஒரு மரம். தெருவின் எதிர்ப்பக்கத்தில் நின்று எடுத்திருக்கிறார்கள்.

ஒரே கோணத்தில் ஐந்து படம். ஒன்று இருட்டு, ஒன்று வெளிச்சம், இடையில் மூன்று. சேர்த்துக் கலந்தால் நிழலுக்குள்ளும் விவரம் தெரியும், வானமும் வெளுக்காது.

இந்த ஐந்தில் ஒரு வசதி. ஓடிக்கொண்டிருக்கும் கார் ஏதாவது ஒரு படத்தில்தான் இருக்கும். மற்ற நான்கில் தெரு காலி. அங்கிருந்து எடுத்து இங்கே வைத்தால் போதும். நின்றிருக்கும் கார் ஐந்திலும் நிற்கிறது.

தொட்டிகளில் ஆரம்பித்தேன்.

மூன்று. கருப்பு, நீலம், பச்சை. லாஸ் ஏஞ்சலிஸ் நகரத்தில் கருப்பு குப்பைக்கு, நீலம் மறுசுழற்சிக்கு, பச்சை தோட்டக் கழிவுக்கும் சமையலறைக் கழிவுக்கும். சக்கரம் வைத்தவை. லாரியின் இரும்புக் கை வந்து தூக்கிக் கவிழ்க்கும். அதற்காகத்தான் ஒன்றுக்கொன்று இடைவெளி விட்டு ஓரமாக நிறுத்துகிறார்கள்.

இந்தப் படத்தில் அவை ஓரத்தில் இல்லை. ஷெட் கதவை ஒட்டி நிற்கின்றன. அப்படியென்றால் அன்று குப்பை நாள் இல்லை. அதுதான் அவற்றின் இடம்.

நீல மூடி முழுதாக மூடவில்லை. உள்ளிருந்து ஒரு அட்டைப்பெட்டியின் மூலை. வீட்டைக் காலி செய்ய ஆரம்பித்துவிட்டார்களோ.

தொட்டியை எடுப்பது சுலபம். தொட்டிக்குப் பின்னால் என்ன இருந்தது என்பதுதான் வேலை.

பச்சைத் தொட்டிக்கும் கருப்புக்கும் நடுவில் ஒரு விரல் அகலத்தில் சுவர் தெரிகிறது. அந்த இடுக்கில் பித்தளை நிறத்தில் ஏதோ. பெரிதாக்கிப் பார்த்தால் குழாயின் கைப்பிடி. தோட்டத்துக் குழாய். தொட்டியை எடுத்தால் குழாயை வரைய வேண்டும், அல்லது கைப்பிடியையும் சேர்த்து எடுக்க வேண்டும். மின்னஞ்சலில் குழாய் இல்லை.

பழகாதவர்கள் தொட்டியை எடுத்துவிட்டு அதன் நிழலை விட்டுவிடுவார்கள். தரையில் எதற்கும் சொந்தமில்லாத மூன்று கரிய பட்டைகள் கிடக்கும். நிழலையும் எடுத்தவர்கள், தொட்டி சுவரில் அடித்த நிறத்தை விட்டுவிடுவார்கள். வெள்ளைச் சுவரில் இலேசான பச்சை. பாசி என்று நினைத்துக்கொள்ளலாம். வாங்குகிறவர் அப்படித்தான் நினைப்பார்.

சுவரின் அடியில் பூச்சு சமமாக இல்லை. கரண்டியின் தடம் இருக்கிறது. பக்கத்துச் சுவரிலிருந்து ஒரு துண்டை நகலெடுத்து ஒட்டினால், அதே தடம் இரண்டு இடத்தில் வரும். ஒரே வளைவு, ஒரே புள்ளி. கண்டுபிடிக்க இதைவிட எளிய வழி இல்லை. புல்லிலும் இப்படித்தான். ஒரே காய்ந்த இலை மூன்று இடத்தில் கிடந்தால் அங்கே ஏதோ நின்றிருந்தது.

கம்பிகள்.

எண்ணிப் பார்க்காமல் கம்பியில் கை வைக்கக் கூடாது. எது எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று முதலில் பார்த்துவிட வேண்டும்.

அமெரிக்காவின் பழைய தெருக்களில் மரக் கம்பம்தான் இன்னும் பெரும்பாலும். உச்சியில் குறுக்குச் சட்டம், அதில் உயர் மின்னழுத்தக் கம்பிகள். அதற்குக் கீழே உருளையாக டிரான்ஸ்ஃபார்மர். அதற்கும் கீழே வீட்டுக்குப் போகும் கம்பி. எல்லாவற்றுக்கும் அடியில், தடிமனாக, தொய்ந்து கிடப்பவை தொலைபேசிக்கும் கேபிள் டிவிக்கும் இணையத்துக்கும். படத்தில் அசிங்கமாகத் தெரிகிறது என்று மக்கள் சொல்வது பெரும்பாலும் இந்தக் கடைசி வகையைத்தான். மின்சாரம் மேலே மெல்லிய கோடாக இருக்கிறது.

வீட்டுக்கு வருவது மூன்று கம்பி. இரண்டு கருப்பு உறை போட்டவை, ஒன்று உறையில்லாதது, மூன்றும் முறுக்கிக்கொண்டு வரும். ஓட்டுக்கு மேலே ஒரு இரும்புக் குழாய் நிற்கும். உச்சியில் மழை நீர் இறங்காத மூடி. கம்பி அதற்குள் நுழைந்து சுவர் வழியாக மீட்டருக்கு இறங்கும்.

கம்பியை மட்டும் எடுத்தால் அந்தக் குழாய் கூரைமேல் சும்மா நிற்கிறது.

கூடத்தில் புதிதாகச் சேர்ந்த பெண் கேட்டாள். “அண்ணா, இந்தக் குழாய் எதுக்குங்க?” சொன்னேன். “அப்ப இதையும் எடுத்துரலாங்களா?” குழாயை எடுத்தால் சுவரில் இருக்கும் மீட்டர் பெட்டி மிஞ்சும். “மீட்டரையும்?”

பதில் சொல்லவில்லை.

வானத்தின் குறுக்கே போகும் கம்பியை எடுக்க ஒரு நிமிடம்கூட ஆகாது. ஒரு முனையில் சொடுக்கி, ஷிஃப்டைப் பிடித்துக்கொண்டு மறுமுனையில் சொடுக்கினால் போய்விடும். கம்பி தொய்வாக வளைந்திருப்பதால் சின்னச் சின்னத் துண்டாகச் செய்ய வேண்டும், அவ்வளவுதான். வானத்தையே மாற்றுகிறவர்களுக்கு அதுவும் வேண்டாம். வானத்தோடு கம்பியும் போய்விடும்.

ஓட்டின் குறுக்கே போவது கடினம். ஒவ்வொரு ஓடும் வளைவு, ஒவ்வொன்றுக்கும் தனி நிழல். வரிசை அரை ஓடு தவறினாலும் கூரை நொண்டும்.

மரத்தின் குறுக்கே போவது இன்னொன்று.

இந்த மரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். நடுவில் ஒரு பள்ளம். இரண்டு பக்கமும் கிளை மேலே போகிறது, நடுவில் மட்டும் வெட்டியிருக்கிறது. மின்வாரிய ஆட்கள் கம்பிக்கு இடம்விட்டு வெட்டுகிறார்கள். நம்மூரிலும் வெட்டுவார்கள், அங்கே ஒழுங்காக, ஆங்கில வி வடிவத்தில்.

கம்பியை எடுத்துவிட்டேன். மரத்தில் பள்ளம் இருக்கிறது. காரணம் இல்லை.

நிரப்பலாம். இலைகளை நகலெடுத்து உருண்டையான மரமாக்கலாம். அப்படி ஒரு மரம் அந்தத் தெருவில் இல்லை. கம்பி இருக்கும்வரை வரவும் வராது.

கம்பியை எடுத்த பிறகும் சுவரில் கம்பி இருந்தது. காலை வெயில் பக்கவாட்டில் விழுகிறது. வெள்ளைப் பூச்சில் இழை இழையாக இரண்டு நிழல், ஜன்னலுக்கு மேலே சாய்ந்து போகிறது. முதலில் விரிசல் என்று நினைத்தேன். விரிசல் இவ்வளவு நேராகப் போகாது.

வாடிக்கையாளர் ‘கம்பி’ என்றுதான் எழுதியிருக்கிறார். கம்பத்தைப் பற்றி எழுதவில்லை. கம்பம் நிற்க, கம்பி மட்டும் போனால், குறுக்குச் சட்டமும் டிரான்ஸ்ஃபார்மரும் எதோடும் சேராமல் நிற்கும். கம்பத்தையும் எடுத்தால் அதன் நிழல் புல்வெளியில் நீளமாகக் கிடக்கிறது, கார் ஏறும் பாதையைத் தாண்டி.

புதிய குடியிருப்புகளில் இந்தத் தொல்லை இல்லை. கலிஃபோர்னியாவில் 1967இல் அரசு ஆணையம் கம்பிகளை மண்ணுக்கடியில் கொண்டுபோக ஒரு திட்டம் தொடங்கியது. இன்றும் பழைய தெருக்களில் பெரும்பகுதி மேலேதான். பள்ளம் தோண்டிப் புதைக்க மைலுக்கு டாலரில் மில்லியன் கணக்கில் ஆகிறது. 

திரையில் எடுக்க, துண்டு துண்டாகச் செய்தாலும், தேநீர் ஆறுவதற்குள் முடிந்துவிடும்.

இப்படி எடுப்பதற்கு இப்போது ஒரு சட்டம் இருக்கிறது. ஏபி 723. கலிஃபோர்னியாவில் 2026 ஜனவரி 1 முதல்.

வீட்டு விளம்பரத்தில் கணினியில் மாற்றிய படம் போட்டால், மாற்றியது என்று படத்தின் மேலோ பக்கத்திலோ கண்ணில் படும்படி சொல்ல வேண்டும். மாற்றாத மூலப் படத்தை யார் வேண்டுமானாலும் பார்க்க வழி தர வேண்டும். இணைப்பாகவோ க்யூஆர் குறியாகவோ.

வெளிச்சம், கூர்மை, நிறச் சமன், சாய்வை நேராக்குவது, ஓரத்தை வெட்டுவது: இவற்றுக்கு வேண்டாம். வீடு எப்படி இருக்கிறது என்பதை இவை மாற்றுவதில்லை.

எதற்கெல்லாம் வேண்டும் என்று ஒரு பட்டியல் தருகிறார்கள். தரை, சுவர், பெயின்ட், முகப்பு, தோட்டம். ஜன்னல் வழியே தெரியும் காட்சி. பக்கத்து வீடு. தெருவிளக்கு. மின்கம்பம்.

மின்கம்பத்தைச் சட்டத்தில் பெயர் சொல்லி எழுதியிருக்கிறார்கள். யாரோ உட்கார்ந்து, எதையெல்லாம் அழிக்கிறார்கள் என்று பார்த்திருக்கிறார்கள். எங்கள் வேலையைத் தெரிந்த ஆள் எழுதிய வரி.

தொட்டியும் காரும் பட்டியலில் பெயரோடு இல்லை. ஆனால் பட்டியல் அதோடு முடிகிறது என்றும் சொல்லவில்லை. நான் தொட்டியை எடுத்தாலும் மூலப் படத்தைத் தனிப் பெயரில் சேர்த்தே அனுப்புகிறேன். போடுவதும் விடுவதும் அவர் பொறுப்பு. அனுப்பாமல் இருந்தால் அது என் பொறுப்பு.

வானம் பற்றி ஒன்று. லாஸ் ஏஞ்சலிஸில் மே, ஜூன் மாதங்களில் கடல் மேகம் காலையில் ஊரை மூடிவிடும். மதியத்துக்குமேல் விலகும். காலையில் எடுத்த படத்துக்கு நீல வானம் ஒட்டிக் கேட்பார்கள். ஒட்டலாம். கீழே வீட்டுக்கு நிழலே இருக்காது. பளிச்சென்ற வானத்தின் கீழ் நிழல் இல்லாத மரம், நிழல் இல்லாத தூண். பார்க்கிறவருக்கு என்ன தப்பு என்று சொல்லத் தெரியாது, ஏதோ தப்பு என்று தெரியும்.

இந்தப் படத்தில் வெயில் இருக்கிறது. வானம் கொஞ்சம் வெளுத்திருக்கிறது, அவ்வளவே. இருட்டாக எடுத்த படத்தில் நீலம் அப்படியே இருக்கிறது. அதிலிருந்தே எடுத்துக்கொள்ளலாம். அந்த ஊர் வானம், அந்த நிமிடத்து வானம்.

கார்கள் இரண்டு.

ஒன்று வீட்டுக்காரருடையது. சிவப்பு. ஷெட்டுக்கு முன்னால். இதை எடுக்கச் சொல்லி எனக்கு எழுதிய நேரத்தில் வீட்டுக்காரருக்கு ஒரு போன் போட்டிருக்கலாம். சாவியைத் திருப்பி வேறு இடத்தில் கொண்டுபோய் நிறுத்தினால் முடிந்தது.

சிவப்புக் கார் வெள்ளை ஷெட் கதவில் சிவப்பை அடிக்கிறது. காரை எடுத்த பிறகு கதவின் கீழ்ப்பாதி ரோஜா நிறம். அதைத் தனியே வெளுக்க வேண்டும். முன் ஜன்னல் கண்ணாடியிலும் அந்தக் கார் இருக்கிறது, சின்னதாக, தலை மட்டும். காரை எடுத்தவர்களில் பாதிப்பேர் கண்ணாடியைப் பார்ப்பதில்லை.

காருக்கு அடியில் என்ன? சிமென்ட் தரை. எண்ணெய்க் கறை இருந்திருக்கலாம். தெரியாது. நான் போடுவது கறையில்லாத தரை.

இரண்டாவது கார் தெருவில். சாம்பல் நிறப் பெரிய வண்டி. யாருடையதோ. ஓரக்கல்லையும் நடைபாதையையும் புல்லின் ஒரு பகுதியையும் முழுதாக மறைக்கிறது. கேமரா மார்பு உயரத்தில். வண்டிக்குப் பின்னால் நாலைந்து மீட்டர் நீளத்துக்கு உலகமே தெரியவில்லை.

இதைத்தான் விலைப்பட்டியலில் மேலே வைத்திருக்கிறோம். கம்பியை எடுக்கும்போது அதற்குப் பின்னால் இருப்பது இரண்டு பக்கமும் தெரிகிறது, இடையில் ஒரு கோடு மட்டும் நிரப்ப வேண்டும். காரை எடுக்கும்போது பின்னால் இருப்பது தெரியவே தெரியாது. இடப்பக்கம் ஓரக்கல் தெரிகிறது, வலப்பக்கம் தெரிகிறது. நடுவில் நேராகத்தான் போகும் என்று நம்பி இணைக்கிறோம்.

கலிஃபோர்னியாவில் ஓரக்கல்லுக்கு நிறம் உண்டு. சிவப்பு அடித்திருந்தால் வண்டி நிறுத்தவே கூடாது. வெள்ளை, ஆள் ஏற்றி இறக்க. பச்சை, கொஞ்ச நேரம் மட்டும். நீலம், மாற்றுத்திறனாளிகளுக்கு. மஞ்சள், சரக்கு இறக்க. சும்மா சாம்பலாக வரைந்தால், வீட்டுக்கு முன்னால் வண்டி நிறுத்தலாம் என்று நானே எழுதிக் கொடுத்தது மாதிரி ஆகிவிடும். வீட்டு எண்ணையும் ஓரக்கல்லில்தான் எழுதியிருப்பார்கள் பல இடங்களில்.

படத்தின் இடது ஓரத்தில் ஒரு சின்னப் பலகை. தகரம், கம்பத்தில் மாட்டியது. இருநூறு சதவீதம் பெரிதாக்கினேன். தெருக் கூட்டும் வண்டி வரும் நாள், செவ்வாய். காலை எட்டிலிருந்து பத்துவரை இந்தப் பக்கம் வண்டி நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் அபராதம்.

ஒவ்வொரு செவ்வாயும் இரண்டு மணி நேரம் அந்தப் பக்கம் காலி. வெயிலும் அந்த நேரத்தில் முகப்பில்தான் விழுகிறது, நிழலைப் பார்த்தால் தெரிகிறது.

பலகையையும் எடுக்கச் சொல்வார்கள் சில பேர்.

திருப்பி எழுதினேன். நீளமாக எழுதிவிட்டேன். சுருக்கம் இது: தொட்டிகளை எடுக்கலாம், பின்னால் குழாய் இருக்கிறதா, படம் உண்டா? கம்பி, கம்பம், மரத்தின் பள்ளம் மூன்றும் ஒன்று, எடுத்தால் மூன்றையும் எடுக்க வேண்டும், எடுத்தால் சட்டப்படி குறிப்பும் மூலப் படமும் போட வேண்டும், விடச் சொல்வேன். சிவப்புக் காரை வீட்டுக்காரர் நகர்த்தட்டும். தெருக் காருக்குச் செவ்வாய்க்கிழமை காலை எட்டரைக்குப் படமெடுக்க ஒருவரை அனுப்புங்கள்.

இரவு எட்டரைக்குப் பதிலாகப் புதன் இரவு என்று கெடுவை மாற்றிக் கேட்டேன்.

தெருக்காட்சிக்கு என்று கூகுள் வண்டி எடுத்த படத்தில் எல்லாம் இருக்கிறது. வாங்க நினைக்கிறவர் முகவரியைப் போட்டால் கம்பம், கம்பி, பள்ளம் விழுந்த மரம், தெருவோரத்து வண்டிகள். மூலையில் எடுத்த மாதமும் வருடமும். அதையும் எழுதியிருந்தேன்.

ஒப்புக்கொண்டார். கோபம் தெரியவில்லை. கம்பம் இருக்கட்டும் என்று ஒரு வரி.

செவ்வாய்ப் படம் வந்தது. தொட்டிகளை வீட்டுக்குப் பின்னால் உருட்டிக்கொண்டு போயிருக்கிறார்கள். குழாய் இருக்கிறது. கீழே ஒரு ஈரத் திட்டு, சொட்டுகிறது போல.

ஷெட்டுக்கு முன்னால் எண்ணெய்க் கறை. உள்ளங்கை அளவு.

தெருவில் வண்டி இல்லை. அது மறைத்திருந்த இடத்தில் நடைபாதைப் பாளம் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நிற்கிறது. மரத்தின் வேர். ஓரக்கல்லும் தெருப்பக்கம் சாய்ந்திருக்கிறது. தூக்கிய விளிம்பில் கால் இடறாமல் இருக்கத் தாரை அள்ளிப்போட்டு ஒரு சரிவு செய்திருக்கிறார்கள். சாம்பல் நடைபாதையில் கருப்பாக.

அந்த ஊரில் இது பெரிய விஷயம். வேர் தூக்கிய நடைபாதைகளில் சக்கர நாற்காலி போக முடியவில்லை என்று நகராட்சிமேல் வழக்குப் போட்டார்கள். 30 ஆண்டுகளில் சுமார் 140 கோடி டாலர் செலவழித்துச் சரிசெய்வதாக நகரம் உடன்பட வேண்டியதாயிற்று.

இடப்பக்கத்தையும் வலப்பக்கத்தையும் நேராக இணைத்து நான் வரைந்திருக்கக் கூடிய இடம் இதுதான். தட்டையான சாம்பல் சிமென்ட், நேர்க்கோட்டில் ஓரக்கல்.

அடுத்த மின்னஞ்சல். அந்தக் கருப்பு ஒட்டைச் சாம்பலாக்க முடியுமா?

முடியும். பத்து நிமிடம். வீட்டைப் பார்க்க வருகிறவர் காரிலிருந்து இறங்கி முதலில் மிதிக்கும் இடம் அதுதான் என்று எழுதினேன். மாற்றினால் மூலப் படத்தைப் பக்கத்தில் போட வேண்டும், இரண்டையும் சேர்த்துப் பார்க்கிறவருக்குக் கண் அங்கேதான் போகும் என்றும்.

சரி, விட்டுவிடுங்கள்.

வானத்தை இருட்டுப் படத்திலிருந்து எடுத்தேன். சாய்ந்திருந்த கோட்டை நேராக்கினேன். ஷெட்டின் நிழலுக்குள் கொஞ்சம் வெளிச்சம் ஏற்றினேன். இவை எதற்கும் குறிப்பு வேண்டாம். புதன் மாலையே அனுப்பிவிட்டோம். கார் எடுக்கும் கட்டணத்தைக் கணக்கில் சேர்க்கவில்லை.